ஒன்பது படியும் ஒரு விளக்க அட்டையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் கொலுக் குழுவினரின் சார்பில் நிகழ்த்திய உரை)

அவைத்தலைவர் அவர்களே! தாய்மார்களே! பெரியோர்களே! கொலு நடந்த ஒன்பது இரவும் சுண்டலுக்குத் தவறாமல் வந்து, இன்று உரை கேட்கவும் வந்திருக்கின்ற குழந்தைகளே!

இவ்வாண்டு நவராத்திரிக்குச் சங்கக் கூடத்தில் நாங்கள் வைத்த கொலுவைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார்கள். கொலுவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் கண்டார்களே என்று மறுத்துப் பார்த்தோம். "கண்டவர்கள் எல்லோரும் கண்டார்கள், படித்தவர்கள் எத்தனை பேர்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். படிகளின் பக்கத்தில் நாங்கள் எழுதி வைத்த விளக்க அட்டையைத்தான் அவர்கள் குறித்தார்கள். ஆகவே இவ்வுரை அந்த அட்டையின் வரலாறு. பொம்மைகளின் பெருமை அங்கங்கே தலைகாட்டினால் பொறுத்தருள வேண்டும். பெருமைப்படுவதற்காகத்தானே இத்தனை பாடும் பட்டோம்!

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நமக்குக் கொலுவின் பொருளைத் தேடி வெளியூர் செல்ல வேண்டிய தேவையில்லை. நவராத்திரி தொடங்குமுன் அது நம் வாயில் வழியே நடந்து வருகிறது. பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறியதும், தேவாரக்கெட்டுச் சரசுவதி யானைமீது எழுந்தருள, வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளில் உடன் வருகிறார்கள். முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்குகிறார்கள். மறுநாள் களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயிலுக்கு வந்து இரண்டாம் இரவைக் கழிக்கிறார்கள். மூன்றாம் நாள் கரமனை வழியே திருவனந்தபுரம் சேர்ந்ததும், சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் அமர்கிறார்கள். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் தொடங்கியதாகக் கூறப்படும் இப்பயணம், 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வழியின் நடுவே ஒரு மாநில எல்லை முளைத்த பின்னரும் நிற்கவில்லை. அந்தச் சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இந்தப் பயணத்தையே கொலுவாக வைப்பது என்று முடிவு செய்தோம். அடிப்படியில் வழக்கம்போல் செட்டியார் தம்பதியின் கடை. இரண்டாம் படி பத்மநாபபுரம், மூன்றாவது குழித்துறை, நான்காவது களியக்காவிளை, ஐந்தாவது பாறசாலை, ஆறாவது நெய்யாற்றின்கரை, ஏழாவது கரமனை ஆற்றங்கரை. எட்டாம் படியில் ஆரியசாலையும் செந்திட்டையும். ஒன்பதாம் படியில் கலசமும், மரப்பாச்சி இணையும், நவராத்திரி மண்டபமும். முடிவு செய்வது எளிதாகவே இருந்தது.

ஒவ்வொரு படிக்கும் எட்டு அங்குல உயரமும் ஒன்பது அங்குல அகலமும் வைத்தோம். ஒன்பது படிக்கு உயரம் ஆறடி ஆயிற்று. இரண்டு பெஞ்சுகள், ஒரு மேசை, மூன்று இரும்புப் பெட்டிகள், அவற்றின்மீது எட்டடிப் பலகைகள். பலகை ஆடுகிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு குவளையில் விளிம்புவரை நீர் நிரப்பிப் பலகையின் நடுவே வைத்துவிட்டுக் கூடத்தில் ஒருவர் நடக்க வேண்டும். நீர் நடுங்கினால் பலகையின் அடியில் எங்கேயோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். அட்டைத் துண்டை மடித்துச் செருக வேண்டும். எங்கள் ஆறாம் படியில் நீர் நடுங்கவில்லை, குவளையே கவிழ்ந்தது. நெய்யாறு பெருகிவிட்டது என்று குழந்தைகள் ஆர்ப்பரித்தார்கள்.

அடுத்தது துணி. பாலராமபுரத்து நெசவு அருகிலேயே இருக்க, வேறு துணி நாடுவது முறையன்று எனக் கருதி, கரையிட்ட எட்டு முழ வேட்டிகள் இரண்டை வாங்கி மேலிருந்து கீழாக அருகருகே விரித்தோம். எட்டு முழம் என்பது பன்னிரண்டு அடி. படியின் முகம் எட்டு அங்குலம், தலை ஒன்பது அங்குலம், ஆகப் பதினேழு. ஒன்பது படிக்குப் பன்னிரண்டடி ஒன்பது அங்குலம். எங்கள் குழுவில் கணக்கு ஆசிரியர் இருவர் இருந்தும், துணியை விரித்த பின்னரே இந்தப் பெருக்கல் எங்கள் நினைவுக்கு வந்தது. அடிப்படியின் முகம் ஆடையின்றி நின்றது. செட்டியார் தம் பருப்பு மூட்டைகளையெல்லாம் படிக்கு முன்னே தரையில் அடுக்கி எங்கள் மானத்தைக் காத்தார். இவ்வாண்டு செட்டியார் கடையில் சரக்கு மிகுதி என்று பாராட்டிய தாய்மார்களுக்கு உண்மை இப்பொழுது விளங்கியிருக்கும்.

யானையின் துயரம் தனிக்கதை. மதுரையை அடுத்த விளாச்சேரியில் செய்த மண் யானை அது. சென்ற ஆண்டு துலாமழைக்குப் பின் பெட்டியில் அடைக்கும்போது ஈரம் முழுவதும் உலராமல் அடைத்துவிட்டோம் போலும். பெட்டியைத் திறந்தபோது மேனியெங்கும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மண்பொம்மை ஈரம் குடித்ததற்கு அதுவே அடையாளம். விரல் நுனியால் தட்டிப் பார்த்தாலும் தெரியும். உலர்ந்த பொம்மை கணீரென்று ஒலிக்கும், ஈரம் கொண்டது மொத்தென்று ஒலிக்கும். யானை மொத்தென்றது. இன்னொரு முறை தட்டியபோது துதிக்கை கையோடு வந்துவிட்டது. மூன்று நாள் நிழலில் உலர்த்தி, மரப்பசையில் சுண்ணக்கட்டித் தூளையும் காகிதக் கூழையும் பிசைந்து ஒட்டி, ஓரிரவு ஆறவிட்டு வண்ணம் தீட்டினோம். வெயிலில் வைத்து விரைவாக உலர்த்தியிருந்தால் ஒட்டு வெடித்திருக்கும். ஒட்டிய துதிக்கை முன்னிலும் சற்று மேல்நோக்கி அமைந்துவிட்டது. எல்லையைக் கடக்கிற யானை இரு மாநிலங்களுக்கும் வணக்கம் செலுத்துகிறது என்று விளக்கம் கூறிவிட்டோம். கொலுவில் பிழை என்று ஒன்றில்லை. விளக்கம் கிடைக்காதவையே பிழைகள்.

இனி விளக்க அட்டைக்கு வருகிறோம். முதலில் எழுதிய அட்டை முப்பது வரிகள் கொண்டதாக இருந்தது. பத்மநாபபுரத்தின் பழமையில் தொடங்கி நெய்யாற்றின்கரை அம்மச்சிப் பலாவரை அதில் இல்லாதது இல்லை. வெள்ளோட்டமாக நம் குடியிருப்பின் மூத்த பாட்டியார் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் நான்கு வரி படித்து நிமிர்ந்து, "பொம்மை சொல்வதை அட்டை ஏன் சொல்ல வேண்டும்? பொம்மையால் சொல்ல முடியாததை மட்டும் எழுதுங்கள்" என்றார். நாங்கள் அவ்வாறே வெட்டத் தொடங்கினோம். யானை இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வரி போயிற்று. பல்லக்கு தெரிகிறது, அதுவும் போயிற்று. முப்பது வரி ஏழாகக் குறைந்தது.

எந்த மொழியில் எழுதுவது என்ற வினா அடுத்து எழுந்தது. கொலுப் பார்க்க வருபவர்களில் பாதிப்பேர் மலையாள அண்டை வீட்டார். நம் குழந்தைகளோ பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள், சிலர் அதுவும் இல்லை. ஆகையால் மலையாளத்திலேயே எழுதிவிடுவோம் என்றனர் சிலர். தமிழ்ச் சங்கத்தின் கொலுவில் தமிழ் இல்லையென்றால் பெயர்ப்பலகையையும் கழற்றிவிடலாம் என்றனர் மற்றும் சிலர். இரண்டு பக்கத்தாரும் உண்மையையே பேசினார்கள். அதனாலேயே வாதம் இரவு பத்து மணிவரை நீண்டது. முடிவில் மேலே தமிழும் கீழே மலையாளமுமாக எழுதுவதென்று இணங்கினோம். முதல் இரவே விளைவு தெரிந்தது. குழந்தைகளின் கண்கள் நேரே கீழ்ப்பாதிக்குச் சென்றன. மேற்பாதி அலங்காரமாக நின்றது.

அன்றிரவே ஒரு மாற்றுச் செய்தோம். பெரிய அட்டையை அப்படியே விட்டு, மண்டபப் படியின் முன்னே ஒரு சிறு அட்டையைத் தொங்கவிட்டோம். நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவுக்கும் சுவாதித் திருநாள் கீர்த்தனங்கள் ஒன்பது உண்டு. இன்ன இரவுக்கு இன்ன இராகம் என்பது வரையறுக்கப்பட்டது. அந்த இராகத்தின் பெயரை மட்டும் தமிழில் எழுதினோம். மலையாளம் இல்லை. பெயரைப் படித்துச் சொல்லும் குழந்தைக்குச் சுண்டல் இரண்டு பங்கு. முதல் இரவுக்கு உரியது சங்கராபரணம். அவ்வளவு நீண்ட சொல்லை முதல் நாளே வைத்தது மன்னர் செய்த கொடுமை என்று சிறுவன் ஒருவன் முறையிட்டான். இரண்டாம் இரவு கல்யாணி, அது எளிதாயிற்று. மூன்றாவது சாவேரி. நான்காவது தோடி; இரண்டே எழுத்து என்பதால் சுண்டல் அன்று விரைவில் தீர்ந்தது.

ஐந்தாம் இரவு பைரவி வந்தபோதுதான் உண்மையான இடர் தோன்றியது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி, பகரத்தைப் 'பல்' என்பதில் போலவே வல்லெழுத்தாக ஒலித்துப் படித்துவிட்டு, அப்படி ஒரு இராகம் உண்டா என்று திகைத்து நின்றாள். மலையாளத்தில் பகரத்துக்கு நான்கு வடிவங்கள். ஒலி வேறானால் எழுத்தும் வேறு. தமிழில் நான்குக்கும் ஒரே எழுத்து. "பிறகு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டாள். பாட்டுப் பயிலும் அவளுடைய அக்காள் அருகே நின்று அந்த இராகத்தை இரண்டு வரி முணுமுணுத்தாள். சிறுமியின் முகம் மலர்ந்தது. உடனே சரியாகச் சொன்னாள். எழுத்து பாதி வழிதான் கொண்டு செல்லும், மீதியை அச்சொல்லைக் கேட்டுப் பழகிய காது கொண்டு செல்லும் என்பதை எங்களில் எவரும் அவளுக்கு விளக்கவில்லை. மறுநாள் ஆறாம் இரவுக்குரிய பந்துவராளி அட்டையைத் தொங்கவிட்டபோது, இதில் வரும் பகரம் நேற்றைய பகரம் அன்று என்று மற்றக் குழந்தைகளுக்கு அவளே பாடம் நடத்தினாள். வீட்டில் தமிழ் கேளாத குழந்தைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்பது ஏன் கடினம் என்று நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். அந்தச் சிறுமி அதை ஒரே சொல்லில் எங்களுக்குக் காட்டினாள்.

அளவு பற்றிய ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். படிக்கு எட்டு அங்குலம் என்பதால் ஐந்தாம் படி தரையிலிருந்து நாற்பது அங்குலத்தில் அமைந்தது. எட்டு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு ஏறக்குறைய நேர். அது பாறசாலைப் படி. அங்கே நாங்கள் வைத்திருந்தது தம்பூரா ஏந்திய ஒரு மூதாட்டியின் அட்டை உருவம். அவர் பாறசாலை பொன்னம்மாள். 1924-இல் பாறசாலையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரால் விளங்கும் இசைக் கல்விக்கூடத்தின் முதல் மாணவி. நவராத்திரி மண்டபத்தின் கூரையில் மண்பானைகள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டிருக்கும். ஒலிபெருக்கி இன்றிக் குரல் பரவுவதற்காகச் செய்த அமைப்பு அது. அந்தப் பானைகளின் கீழே கலைமகளின் திருமுன் ஆடவர்களே பாடிவந்தனர். பெண்கள் பாடும் வழக்கம் இல்லை. 2006-ஆம் ஆண்டு அவ்வழக்கம் மாறியது. முதலில் பாடிய பெண்மணி நம் பாறசாலை பொன்னம்மாளே. அப்பொழுது அவருக்கு வயது 81. 2021-இல் அவர் மறைந்தார்.

பிறந்த ஊராகிய ஐந்தாம் படியில் அவரை வைப்பதா, பாடிய இடமாகிய ஒன்பதாம் படியில் வைப்பதா என்று நாங்கள் பிரிந்து நின்றோம். இளைஞர் ஒருவர் இரண்டும் வேண்டாம், நடக்கவிடுவோம் என்றார். ஐந்தாம் இரவு வரை பாறசாலைப் படியில். பிறகு இரவுக்கு ஒரு படியாக ஏறி, ஒன்பதாம் இரவு மண்டபத்தில். அருமையான கருத்து. ஆனால் வைத்த கொலுவை விசயதசமி இரவுக்கு முன் கலைக்கலாகாது, ஒரு பொம்மையைக்கூட இடம் மாற்றலாகாது என்பது முன்னோர் வகுத்த முறை. மறுபடியும் பாட்டியாரிடமே சென்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தெய்வமே நடந்து வருகிற ஊர் இது. பாட வந்தவள் நடந்தால் குற்றம் என்ன? அதுவும் இது அட்டை, பொம்மை அன்று" என்றார். அவர் சொல்லின் முதற்பாதி எங்களை நெகிழச் செய்தது. இரண்டாம் பாதி எங்களைக் காப்பாற்றியது.

ஆறாம் இரவு பொன்னம்மாள் நெய்யாற்றின்கரைக்கு ஏறினார். ஏழாம் இரவு, சுத்தசாவேரிக்கு, கரமனை ஆற்றங்கரையில் நின்றார். எட்டாம் நாள் மாலையில் எதிர்பாராத ஒரு தடை வந்தது. நம் ஊர் வழக்கப்படி அட்டமி மாலையில் பூசை வைக்கிறோம். புத்தகங்களைக் கலைமகள் முன் அடுக்கிய பின்னர், விசயதசமிக் காலையில் எடுக்கும்வரை எழுதலாகாது, படிக்கலாகாது. இதை எங்களுக்கு நினைவூட்டியவர்கள் குழந்தைகளே. "இன்று அட்டையைப் படித்தால் பாவம், சுண்டலை மட்டும் கொடுங்கள்" என்று வரிசையில் வந்து நின்றார்கள். ஆண்டு முழுவதும் புத்தகத்தைத் தொடத் தயங்குகிறவர்கள் அன்று சாத்திரம் பேசினார்கள். வாதத்தில் தோற்றோம். எட்டாம் அட்டையையும் ஒன்பதாம் அட்டையையும் எழுத்துத் தெரியாதபடி திருப்பித் தொங்கவிட்டோம். இரண்டு இரவும் பொன்னம்மாள் பேசாமல் படியேறினார். அவர் மண்டபத்தை அடைந்த இரவின் இராகம் எது என்று குழந்தைகள் அறியவில்லை.

விசயதசமிக் காலையில் புத்தகங்களை எடுத்ததும் அட்டைகளைத் திருப்பினோம். நாட்டைக்குறிஞ்சியில் சிலர் இடறினார்கள். கடைசி அட்டை ஆரபி. முந்திக்கொண்டு ஒருவன், ஒன்பது நாளுக்கு முன் சங்கராபரணத்தைக் கண்டு முறையிட்ட அதே சிறுவன், முதல் முறையிலேயே பிழையின்றிப் படித்தான். மலையாளக் குழந்தைகளுக்கு அரிசியில் முதல் எழுத்து எழுதுவிக்கும் நாள் அல்லவா அது! நம் வீட்டுப் பிள்ளைக்கும் அன்று ஒரு வித்தியாரம்பம் நடந்தது. சுண்டல் முந்தின இரவே தீர்ந்திருந்தபடியால், அவனுக்கு உரிய இரண்டாம் பங்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. செயலாளர் அதைக் குறிப்பில் ஏற்ற வேண்டுகிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். ஒன்பது பெயர்களைப் படித்தமையால் குழந்தைகள் தமிழ் கற்றுவிட்டார்கள் என்று நாங்கள் எண்ணவில்லை. பெரிய அட்டையின் தமிழ்ப் பாதியை இறுதி நாளில் முழுவதும் படித்தவர்கள் மூவரே. சென்ற ஆண்டு அப்படி எவரும் இல்லை என்பதையும் அறிவோம். வரும் ஆண்டு அதே அட்டையை வைத்து மூவர் நால்வராகிறார்களா என்று பார்ப்போம்.

விசயதசமி இரவு மரப்பாச்சி இணையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் இறக்கினோம். இம்முறை யானையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றுமுன் பலமுறை தட்டிக் கேட்டோம், கணீரென்றது. பத்மநாபபுரத்துச் சரசுவதியும் உடன் வந்தவர்களும் வந்த வழியே மீண்டும் நம் ஊர்களைக் கடந்து ஊர் திரும்பினார்கள். எங்கள் சரசுவதி இரும்புப் பெட்டிக்குள் சென்றார். அட்டைகளை மேலாக வைத்து மூடினோம், அடுத்த ஆண்டு முதலில் அவையே கைக்கு வரட்டும் என்று.

முப்பது வரியிலிருந்து ஏழாகக் குறைந்த அந்த அட்டையை இம்மலரிலும் அச்சிட வேண்டும் என்று கேட்டார்கள். அது இதுதான்:

"இவர்கள் பத்மநாபபுரத்திலிருந்து நடந்து வருகிறார்கள்.
நான்காம் படியில் ஓர் எல்லை இருக்கிறது, தேடிப் பாருங்கள்.
யானையின் துதிக்கையைத் தொடாதீர்கள், காரணம் உண்டு.
ஐந்தாம் படியில் நிற்பவர் நம் ஊரார்.
நாள்தோறும் வாருங்கள், அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்.
மேலே கவிழ்ந்திருக்கும் பானைகள் அவர் குரலுக்காக.
அடியில் துணி குறைவு, செட்டியாரைக் கேளுங்கள்."